நாற்காலிக்கும் அளவு எடுக்கணும்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அக்கா மகளிடமிருந்து போன். மாத்தூர் எம்.எம்.டி.ஏ. காலனியில் இருக்கிறாள். சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தவள், இன்னும் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான் பார்க்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்.

"மாமா, இனிமே முடியாது மாமா. இடுப்பு விட்டுப்போகுது. பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. மாத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் போக ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டில் இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன், சர்க்கரை நோயாளி மாமியார். வீட்டிலிருந்து பார்க்க முடிகிறது என்பதால்தான் இந்த வேலையே அவள் கையில் இருக்கிறது.

"நல்ல சேர் வாங்கியாச்சேம்மா?" என்று கேட்டேன். ஏழு மாசம் முன்பு பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது எனக்குத் தெரியும்.

"அதுல உட்கார்ந்துதான் மாமா வலியே அதிகமாச்சு!"

இருபது வருஷத்துக்கும் மேலாக அலுவலகங்களுக்கு மேஜை நாற்காலி போட்டுக்கொடுத்தவன் நான். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டால் கை சும்மா இருக்காது. தையல் டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாற்காலி சொன்ன சாட்சி

அவள் உட்கார்ந்து காட்டுவதற்கு முன்பே நாற்காலியைத்தான் முதலில் பார்த்தேன். ஏழு மாசம் ஒருவர் உட்கார்ந்த நாற்காலி நிறைய விஷயம் சொல்லும். உட்காரும் பஞ்சின் முன் விளிம்பு மட்டும் அமுங்கி, துணி பளபளவென்று தேய்ந்திருந்தது. பின் பக்கப் பஞ்சு புதுசு மாதிரி உப்பலாக இருந்தது. முதுகுச் சாய்வின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்துத் தடவினேன். தூசி ஒட்டியது.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஏழு மாசமாக அந்தச் சாய்வை அவள் முதுகு தொடவே இல்லை. இடுப்புக்குத் தாங்கல், வளைவு என்று விளம்பரத்தில் போட்டிருந்த அத்தனையும் தூசி படிந்து கிடந்திருக்கிறது. அவள் ஏழு மாசமும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்ததற்குச் சமம்.

உங்கள் வீட்டு நாற்காலியையும் இப்போதே போய்ப் பாருங்கள். முன் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அது உங்கள் அளவு நாற்காலி இல்லை.

"ஏம்மா பின்னாடி தள்ளி உட்கார மாட்டேங்கிறே?"

"பின்னாடி போனா கால் தரையில படாது மாமா. முழங்காலுக்குப் பின்னாடி சீட்டோட ஓரம் வெட்டுது. அதோட கீபோர்டும் கைக்கு எட்டாது."

மூன்று காரணத்தையும் அவளே சொல்லிவிட்டாள். இனி அளப்பதுதான் பாக்கி.

மூன்று அளவுகள்

மரத்தால் ஆன, பஞ்சு இல்லாத ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். படியாவிட்டால் காலுக்கடியில் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம். வீட்டில் நாம் வெறுங்காலோடுதானே இருக்கிறோம்? வெளிநாட்டு அளவுகளில் ஷூ போட்ட கால் என்று கணக்கு வைத்து, சுமார் ஒரு இஞ்சு சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு இஞ்சு நமக்கு இல்லை. அளப்பதை வேறொருவர் செய்யட்டும். நீங்களே குனிந்து அளந்தால் எல்லா அளவும் மாறிவிடும்.

முதல் அளவு, பாதத்திலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை. சீட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை இது சொல்லும். என் அக்கா மகள் ஐந்தடி உயரம். அவளுக்கு இது 15 இஞ்சு.

இரண்டாவது, பின்புறம் சுவரோடு ஒட்ட உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை. சீட் எவ்வளவு ஆழம் இருக்கலாம் என்பதற்கு இது. அவளுக்கு 17 இஞ்சு. சீட்டின் முன் விளிம்புக்கும் கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரலாவது நுழைய வேண்டும். ஆகவே 15 அல்லது 15½ இஞ்சு ஆழம்தான் அவளுக்கு ஆகும்.

மூன்றாவது, தோளைத் தளர விட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை. மேஜை உயரத்துக்கு இது. அவளுக்கு 8½ இஞ்சு.

இப்போது நாற்காலியை அளந்தேன். எவ்வளவு இறக்கினாலும் சீட் 17½ இஞ்சுக்குக் கீழே போகவில்லை. அவள் காலுக்கு 2½ இஞ்சு அதிகம். சீட்டின் ஆழம் 18 இஞ்சு. அவள் தொடையே 17 இஞ்சுதான். பின்னால் ஒட்டி உட்கார்ந்தால் சீட்டின் விளிம்பு கால் மடிப்பைத் தாண்டிப் போகும். பாவம், அவள் எப்படிச் சாய்வாள்?

"இந்தச் சேரை யாரும்மா பார்த்து வாங்கினது?"

மாப்பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான்தான் மாமா. கடைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துதான் வாங்கினேன். சூப்பரா இருந்துச்சு."

மாப்பிள்ளை ஐந்தடி பதினொரு அங்குலம். அவரை உட்கார வைத்து அளந்தேன். கால் 17½, தொடை 20. கச்சிதம்! நாற்காலியில் ஒரு குறையும் இல்லை. உட்காருகிற ஆள்தான் வேறு.

சட்டைக்குச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு பார்க்கிறோம். செருப்புக்கு நம்பர் பார்க்கிறோம். நாற்காலிக்கு மட்டும் பார்ப்பதில்லை. 1994-ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 'ஏரான்' என்ற நாற்காலியைக் கொண்டுவந்தபோது, அதை வடிவமைத்த பில் ஸ்டம்பும் டான் சாட்விக்கும் ஏ, பி, சி என்று மூன்று அளவில் செய்தார்கள். நம் ஊரிலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997-ல் இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்தது. ஆனால் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஒரே அளவு நாற்காலிகள்தான். ஐந்தடி இரண்டங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள், அதாவது நம் வீட்டுப் பெண்களில் பலர், அந்த அளவுக்குள் அடங்குவதில்லை.

சாய்ந்தால் என்ன ஆகிறது?

"முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தாப் போதாதா? சாயணுமா?" என்று அவள் மாமியார் கேட்டார். நல்ல கேள்வி.

நிற்கும்போது நம் இடுப்புப் பகுதி முதுகெலும்பு லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னால் உருளும். அந்த வளைவு நேராகிவிடும். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வில் பாரம் முன்பக்கம் ஏறும். பின்பக்கத் தசையும் தசைநாரும் இழுபட்டே இருக்கும். அரை மணிக்கு ஒன்றும் தெரியாது. பத்து மணி நேரத்துக்குத் தெரியும்.

1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், அந்த ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் அதிகம் என்றார். பிறகு 1999-ல் ஜெர்மனியில் அளந்தவர்கள், உட்காருவது அவ்வளவு மோசம் இல்லை என்றார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். முன்னால் குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது. பின்னால் சாய்ந்தால் இறங்குகிறது. காரணம் எளிது. உடம்பின் மேல்பாதி பாரத்தில் ஒரு பங்கைச் சாய்வு வாங்கிக்கொள்கிறது.

அதனால் நாற்காலியில் முதலில் பார்க்க வேண்டியது இடுப்புத் தாங்கல். அது பெல்ட் கட்டுகிற இடத்தில், அல்லது அதற்கு ஓரிரு விரல் மேலே வந்து தாங்க வேண்டும். தாங்கல் அசையாத நாற்காலியாக இருந்தால், உயரமானவருக்கு இடுப்பில் படுகிற மேடு குள்ளமானவருக்கு நடுமுதுகில் போய் முட்டும். அது தாங்கல் இல்லை, தள்ளல். மேலும் கீழும் நகரும் தாங்கலாகப் பார்த்து வாங்குங்கள். முன்னும் பின்னும் நகர்ந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது சாயும் விதம். கடையில் உட்கார்ந்து பின்னால் சாயுங்கள். பாதத்தைக் கவனியுங்கள். சீட்டும் முதுகும் ஒரே துண்டாக ஊஞ்சல் மாதிரி சாய்ந்து கால் தரையை விட்டுத் தூக்கினால், அந்த நாற்காலியில் நீங்கள் சாய்ந்து வேலை பார்க்கவே மாட்டீர்கள். முதுகு அதிகமாகவும் சீட் கொஞ்சமாகவும் சாய்ந்து, பாதம் தரையிலேயே இருந்தால் அது சரியான அமைப்பு. சீட்டுக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். மெலிந்தவர்கள் அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு சாய்ந்தாலும் சாய்வு விறைப்பாகவே நிற்கும்.

மேஜைதான் வில்லன்

சரி, நாற்காலி தப்பு. அதை மாற்றினால் போதுமா? போதாது. அவள் வேலை பார்ப்பது சாப்பாட்டு மேஜையில். அதன் உயரம் 30 இஞ்சு. கடையில் விற்கும் கம்ப்யூட்டர் மேஜைகளும் பெரும்பாலும் 29, 30 இஞ்சுதான்.

கணக்குப் போடுங்கள். அவள் கால் 15, அதிலிருந்து முழங்கை 8½. இரண்டையும் கூட்டினால் 23½ இஞ்சு. மேஜை 30. அதாவது 6½ இஞ்சு உயரம் அதிகம்! கையை அவ்வளவு தூக்கி வைக்கத் தோள்பட்டை நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். கழுத்து வலிக்கு அதுதான் காரணம்.

கைக்கு எட்ட வேண்டும் என்று நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும். காலுக்காக இறக்கினால் தோள் தூக்கும். மேஜை அசையாமல் இருக்கும்போது நாற்காலியை மட்டும் ஏற்றி இறக்கி இந்தச் சிக்கலைத் தீர்க்கவே முடியாது. அதற்கு இரண்டு வழிதான். மேஜையை இறக்க வேண்டும். அல்லது நாற்காலியை ஏற்றிவிட்டு, தரையை உயர்த்த வேண்டும்.

தரையை உயர்த்துவது என்றால் காலுக்கு ஒரு பலகை. இரண்டு மூன்று இஞ்சு வரை அது நன்றாகவே வேலை செய்யும். ஆறு, ஏழு இஞ்சு என்றால் சிரமம். கால் அந்தப் பலகையிலேயே சிறைப்பட்டுவிடும். நாற்காலியைத் திருப்பவோ சட்டென்று எழவோ முடியாது. அதனால் மேஜையைக் கொஞ்சம் இறக்கி, மிச்சத்தைப் பலகையால் ஈடுகட்டுவதுதான் நடைமுறை.

"பட்டனை அமுக்கினா ஏறி இறங்குற மேஜை வாங்கிடலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை. வாங்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லோரும் அது எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எவ்வளவு இறங்கும் என்பதை. இரண்டு அடுக்குக் கால் உள்ளவை பொதுவாக 71, 72 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. அதுவே 28 இஞ்சு. சில விளம்பரங்களில் அந்தக் கணக்கில் மேல்பலகையின் கனம் சேராது. மூன்று அடுக்குக் கால் உள்ளவை 60, 62 செ.மீ. வரை இறங்கும், விலையும் கூடும். குள்ளமானவருக்கு இரண்டு அடுக்கு மேஜை வாங்கினால், நின்று வேலை பார்க்கச் சரியாக இருக்கும். உட்கார்ந்தால் பழைய கதைதான்.

நாங்கள் செய்தது

பெரிய நாற்காலியை மாப்பிள்ளைக்கே கொடுத்துவிட்டோம். அவரும் ராத்திரியில் கணக்கு வழக்குப் பார்ப்பவர்தான். மறு சனிக்கிழமை, பழைய அலுவலகச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு அவளையே அழைத்துப் போனேன். கம்பெனிகள் காலி செய்யும்போது வரும் நாற்காலிகளில், புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாத தரத்தில் சில கிடைக்கும்.

பழையதில் பார்க்க வேண்டியது முக்கியமாக ஹைட்ராலிக். முழுக்க ஏற்றிவிட்டு, உட்கார்ந்து பத்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். தானாக இறங்கினால் சிலிண்டர் போய்விட்டது. மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். அடுத்து, ஐந்து கால் அடிப்பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் பேரமே வேண்டாம், வந்துவிடுங்கள்.

ஆறாவதாக உட்கார்ந்த நாற்காலி அமைந்தது. சீட் 16½ இஞ்சு வரை இறங்கியது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். உள்ளே தள்ளினால் ஆழம் 15½ இஞ்சு. இடுப்புத் தாங்கலும் ஏறி இறங்கியது. கைப்பிடியும் இறங்கியது. கைப்பிடி மேஜை விளிம்பில் இடித்தால் நாற்காலி உள்ளே போகாது, மறுபடி முன்னால் நகர்ந்து உட்கார வேண்டிவரும். இறங்காத கைப்பிடியாக இருந்தால் கழற்றிப் போட்டுவிடுவது உத்தமம்.

மேஜை உயரம் இப்போது தானாக வந்துவிடும். சீட் 16½, முழங்கை 8½, ஆக 25 இஞ்சு. காலனிக்குப் பக்கத்திலேயே இருக்கும் தச்சரிடம் சொன்னோம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், 25 இஞ்சு உயரம். அவர் டிராயர் போட்டுத்தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இவ்வளவு தாழ்ந்த மேஜையில் டிராயர் வைத்தால் தொடையில் இடிக்கும். ப்ளைவுட் முக்கால் இஞ்சு. அதற்கும் அவள் தொடைக்கும் நடுவே இரண்டரை இஞ்சுக்கு மேல் இடம் இருக்கிறது.

கால் இன்னும் 1½ இஞ்சு தொங்கும். தச்சர் மிச்சத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு பலகை செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கடைசியாக லேப்டாப். திரை கண்ணுக்கு நேராக இருந்தால் கீபோர்டு உயரத்தில் இருக்கும். கீபோர்டு கைக்குச் சரியாக இருந்தால் திரை தாழ்ந்து கழுத்துக் குனியும். எந்த மேஜையாலும் இதைச் சரிசெய்ய முடியாது. தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கினோம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. லேப்டாப்பை அட்டைப்பெட்டி மேல் தூக்கி வைத்து, திரையின் மேல் விளிம்பு அவள் கண் மட்டத்துக்கு வரும்வரை பழைய புத்தகங்களை அடுக்கினோம்.

மூன்று வாரம் கழித்து

போன வாரம் போன் பண்ணினாள். கழுத்து வலி இல்லை என்கிறாள். இடுப்பு வலி போய்விட்டது என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் காலை பதினோரு மணிக்கே ஆரம்பிக்கும், இப்போது சாயங்காலம் ஆறுக்கு மேல்தான் தலைகாட்டுகிறது என்றாள். ஏழு மாசத்தில் சேர்ந்தது மூன்று வாரத்தில் தீராது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து அடுப்படி வரை நடந்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். எந்த நாற்காலியும் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவதற்காகச் செய்யப்பட்டதில்லை.

இன்னொன்றும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். வலி இடுப்பிலிருந்து கால் வழியாகக் கீழே இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பாதம் பலமிழந்தாலோ நாற்காலிக் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

"பேப்பர் விஷயம் என்னாச்சும்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதை இப்போதைக்கு எடுத்து வெச்சுட்டேன் மாமா" என்றாள். பிறகு, "அத்தை அளவையும் எடுத்திருக்கேன். அவங்க டி.வி. பார்க்கிற நாற்காலியிலயும் கால் தொங்குது" என்றாள்.

நீங்களும் டேப்பை எடுங்கள். கால், தொடை, முழங்கை. மூன்று எண்களையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால், சீட் எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. டேப் உங்கள் பையில்தானே இருக்கிறது!